தேடினால் கிடைக்காத பொருநராற்றுப்படை

ஒரு நூலகத்தின் மின்பட்டியலில் பத்துப்பாட்டு நூல்கள் பத்தும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தேடல் பெட்டியில் ‘திருமுருகாற்றுப்படை’ என்று அடித்தால் வருகிறது. ‘நெடுநல்வாடை’ வருகிறது, ‘மலைபடுகடாம்’ வருகிறது. ‘பொருநராற்றுப்படை’ என்று அடித்தால் மட்டும் ‘முடிவுகள் இல்லை’ என்கிறது. பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் அதே பெயர் அச்சுப் பிசகாமல் அங்கே இருக்கிறது. எழுத்துப் பிழையும் இல்லை, எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளியும் இல்லை.

கிடைத்த மூன்று பெயர்களிலும் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் ஒன்றுகூட இல்லை. கிடைக்காத பெயர் ‘பொ’ என்று தொடங்குகிறது. இது தற்செயல் அல்ல. தமிழ்த் தேடலில் இப்படியொரு கோளாறு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய அடையாளமே இதுதான்.

யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நாம் பள்ளியில் படித்த 247 என்ற கணக்கில் இல்லை. மெய்யெழுத்து அகரம் ஏறிய வடிவில் ஒரு குறியீடாக இருக்கும். அதன்மேல் ஏறும் உயிர்க்குறி இன்னொரு குறியீடு. ‘பெ’ என்பது ப என்ற குறியீடும் எகரக் கொம்பும் சேர்ந்தது. ‘பா’ என்பது ப என்ற குறியீடும் காலும் சேர்ந்தது. கொம்புக்கு U+0BC6 என்றும் காலுக்கு U+0BBE என்றும் எண் உண்டு.

‘பொ’ என்று வரும்போதுதான் சிக்கல். அந்த உயிர்க்குறி மெய்க்கு இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலுமாக இரண்டு துண்டாக நிற்கிறது. அதை ஒரே குறியாகக் கொண்டு U+0BCA என்ற தனி எண்ணை யூனிகோடு கொடுத்திருக்கிறது. ஆனால் கொம்புக்கும் காலுக்கும் ஏற்கெனவே தனித்தனி எண்கள் இருப்பதால், ப, கொம்பு, கால் என்று மூன்றாக அடுக்கினாலும் திரையில் ‘பொ’ தான் வரும். முதல் வகையில் ‘பொருநராற்றுப்படை’ 16 குறியீடுகள். இரண்டாம் வகையில் 17. UTF-8 முறையில் சேமிக்கும் பைட்டுக் கணக்கில் 48, 51.

திரையில் இரண்டும் ஏன் இம்மியும் பிசகாமல் ஒன்றுபோலவே தெரிகின்றன? எழுத்தைத் திரையில் வரையும் மென்பொருள், U+0BCA என்ற ஒற்றைக் குறியைக் கண்டதும் அதைக் கொம்பாகவும் காலாகவும் உடைத்து, கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்திக் காலைப் பின்னால் வைக்கிறது. உடைந்தே வந்த எழுத்தையும் அதே இடங்களில்தான் நிறுத்துகிறது. அதாவது திரைக்குப் போய்ச் சேரும்போது இரண்டும் உண்மையிலேயே ஒன்றாகிவிடுகின்றன. எழுத்துருவை மாற்றியோ எழுத்தைப் பெரிதாக்கியோ வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. தேடல் நிரலோ திரையைப் பார்ப்பதில்லை. அது குறியீடுகளை வரிசையாக ஒப்பிடுகிறது. இரண்டாவது இடத்தில் ஒன்றில் U+0BCA, மற்றதில் U+0BC6. அங்கேயே ‘இல்லை’ என்று முடிவாகிவிடுகிறது.

கண்ணால் காண முடியாததைப் பின்நகர்வு விசை காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான எழுதிகளில் ‘பொ’வுக்குப் பின்னால் ஒருமுறை அழித்தால், ஒற்றைக் குறியாக இருந்தது ‘ப’ ஆகும். உடைந்த வடிவில் கால் மட்டும் போய் ‘பெ’ நிற்கும். வலைத்தளம் என்றால் உலாவி அனுப்பும் முகவரியிலேயே தெரிந்துவிடும். ‘பொ’ என்று தேடும்போது இந்த இரண்டில் ஒன்று போகும்:

```
q=%E0%AE%AA%E0%AF%8A
q=%E0%AE%AA%E0%AF%86%E0%AE%BE
```

தேட வேண்டியது கிடைக்காமல் போவது பாதிக் கோளாறுதான். மறுபாதி, தேடாதது கிடைப்பது. பட்டியலில் உடைந்த வடிவம் இருக்கும்போது ‘பெ’ என்று அடித்துப் பார்த்தால் ‘பெரும்பாணாற்றுப்படை’யோடு ‘பொருநராற்றுப்படை’யும் வந்து நிற்கும். நிரலின் பார்வையில் அதுவும் ப, கொம்பு என்றுதானே தொடங்குகிறது!

உடைந்த எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன? ஆப்பிள் கணினிகளில் நெடுங்காலம் இருந்த HFS+ என்ற கோப்பு முறை, கோப்புப் பெயர்களை இப்படி உடைத்தே சேமித்தது. அந்தப் பெயர்களிலிருந்து நூல்பட்டியல் தயாரித்தால் உடைசலும் கூடவே வரும். பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி அச்சுகள். அவற்றில் தட்டிய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவி, துண்டுகளைச் சேர்க்காமல் விட்டுவிட்டாலும் இதே கதைதான்.

யூனிகோடு இதை அறியாமல் இல்லை. இந்த இரண்டு வடிவங்களும் ஒன்றே என்று அதன் தரமே அறிவித்திருக்கிறது. தமிழில் இப்படி அறிவிக்கப்பட்ட இணைகள் நான்கே நான்கு: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ‘ஔ’ என்ற உயிரெழுத்து. துண்டுகளை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் முறைக்கு `NFC` என்றும், ஒற்றைக் குறியைத் துண்டாக்கும் முறைக்கு `NFD` என்றும் பெயர். பல நிரல்மொழிகளில் இதற்கு ஆயத்தமான கட்டளை இருக்கும். பைத்தானில் இப்படி:

```python
import unicodedata
a = "\u0baa\u0bca"
b = "\u0baa\u0bc6\u0bbe"
print(a == b)                                # False
print(a == unicodedata.normalize("NFC", b))  # True
```

இங்கே பலர் தவறுவது ஓரிடத்தில். பயனர் அடிக்கும் சொல்லை மட்டும் `NFC` ஆக்கிவிட்டுப் பட்டியலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்போது நிலைமை முன்பைவிட மோசமாகும். பட்டியலிலிருந்தே பெயரை நகலெடுத்துத் தேடியவருக்கு இதுவரை அது கிடைத்துவந்தது. இனி அவருக்கும் கிடைக்காது. தேடும் சொல், தேடப்படும் பட்டியல் இரண்டும் ஒரே சல்லடையில் சலிக்கப்பட வேண்டும். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 13 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், சேராமல் கிடக்கும் பெயர்களை ஒரே வரியில் கேட்டுவிடலாம்:

```sql
SELECT title FROM books WHERE title IS NOT NFC NORMALIZED;
```

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், அடுத்த புகார் ஔவையாரிடமிருந்து வரும். ‘ஔவையார்’ என்பதை ‘ஒளவையார்’ என்று தட்டியிருப்பார்கள். முதலாவதில் ஔ என்ற ஒரே உயிர். இரண்டாவதில் ஒ, அதன் பின்னால் ளகரம். அதேபோல ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்றும், ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ என்றும் வலையெங்கும் கிடக்கின்றன. ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டும் ளகரமும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே வடிவம் அல்லது கிட்டத்தட்ட ஒரே வடிவம். தட்டுபவருக்குத் திரையில் பார்க்கச் சரியாகவே இருக்கும்.

இதை `NFC` தொடாது. தொடவும் கூடாது. ஔகாரக் குறியின் வலத்துண்டுக்கு U+0BD7 என்று தனி எண் இருக்கிறது, ளகரத்துக்கு U+0BB3. கொம்போடு முதலாவது சேர்ந்தால் ஔகாரம் என்பது யூனிகோடின் விதி. இரண்டாவது முழு மெய்யெழுத்து. அதை ஔகாரமாக்கிவிட்டால் தெளிவு, வெள்ளம், கெளுத்தி மீன் எல்லாம் சிதைந்துபோகும்.

சரி, கொஞ்சம் நுட்பமாகப் பார்க்கலாமே என்று தோன்றும். ளகரத்தின்மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம். அடுத்து நேராக வேறொரு மெய் வந்தால் மட்டும் ஔகாரமாகத் திருத்தலாம். தெளிவும் வெள்ளமும் கெளுத்தியும் தப்பிவிடும், கெளரவம் திருந்திவிடும். எழுத்துத் தமிழுக்கு இந்த விதி பெரும்பாலும் போதும். ஆனால் பட்டியலில் வட்டார வழக்கில் எழுதிய ஒரு சிறுகதை இருந்தால்? விளக்கை ‘வெளக்கு’ என்றும், விளங்காது என்பதை ‘வெளங்காது’ என்றும், உளறாதே என்பதை ‘ஒளறாதே’ என்றும் அதில் எழுதியிருப்பார்கள். இந்த விதி அவற்றையெல்லாம் ஔகாரமாக்கிக் கெடுத்துவிடும்.

தவற்றைச் சரிக்கு இழுக்கப் பார்ப்பதால் வரும் வினை இது. தேடலுக்கு எதிர்த்திசை போதும். மூலப் பெயரைத் தொடாமல், ஒப்பிடுவதற்கென்று ஒரு மறைவான தேடல் திறவை உருவாக்கி, அதில் சரியான ஔகாரத்தையெல்லாம் கொம்பும் ளகரமுமாக மாற்றிவிட வேண்டும். அப்போது கௌரவமும் கெளரவமும் ஒரே திறவாகும். ‘வெளக்கு’ எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். எது பிழை, எது வட்டார வழக்கு என்று நிரல் ஊகிக்க வேண்டியதே இல்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை தேடலிலும் ஒன்றாகும், அவ்வளவுதான்.

‘ஸ்ரீ’க்கும் இதே மருந்து. ஸகரம் கொண்டு நெடுங்காலமாகத் தட்டப்பட்டுவரும் எழுத்து அது. 2005இல் வந்த யூனிகோடு 4.1இல் ஶகரம் சேர்ந்த பிறகு ‘ஶ்ரீ’ என்றும் தட்டுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். `NFC` இவற்றையும் இணைக்காது.

```python
def key(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    s = s.replace("\u0bcc", "\u0bc6\u0bb3")
    s = s.replace("\u0b94", "\u0b92\u0bb3")
    return s.replace("\u0bb6\u0bcd\u0bb0\u0bc0",
                     "\u0bb8\u0bcd\u0bb0\u0bc0")
```

இதில் வரிசை முக்கியம். முதலில் `NFC` நடந்தால்தான் கொம்பும் U+0BD7உம் சேர்ந்து ஔகாரமாகும், பிறகு அடுத்த வரி அதைப் பிடிக்கும். வரிசையை மாற்றினால் உடைந்த ஔகாரம் நழுவிவிடும்.

இந்தத் திறவு ஒப்பிடுவதற்கு மட்டுமே. இதை வைத்து அகரவரிசைப்படுத்தினால் ஓகாரத்துக்குப் பின் வர வேண்டிய ஔவையார் ஒளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். திரையில் காட்டவும் வரிசைப்படுத்தவும் `NFC` செய்த மூலப் பெயர், தேட மட்டும் திறவு என்று இரண்டையும் தனித்தனி நெடுவரிசைகளில் வைக்க வேண்டும். தேடல் சேவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய சோதனை தேவையில்லை. பொருநராற்றுப்படையைச் சேர்ந்தும் உடைந்தும், ஔவையாரை உயிரெழுத்தாலும் ளகரத்தாலும் தட்டிப் பார்த்து, ஒவ்வோர் இணையும் ஒரே எண்ணிக்கையில் முடிவு தருகிறதா என்று பார்த்தால் போதும். கூடவே ‘பெ’ என்று தேடி, பொருநராற்றுப்படை வராமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.