கைக்கடிகாரம் சொல்லும் தூரம்

கோல்ஃப் கடிகாரம் எதையும் அளந்து பார்ப்பதில்லை. ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்டுகொண்டு, தன் நினைவகத்தில் இருக்கும் மைதான வரைபடத்தின் புள்ளிகளுக்கும் அந்த இடத்துக்கும் உள்ள நேர்கோட்டுத் தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. லேசர் தூரமானி கண்ணுக்குத் தெரியும் கொடியை நேரடியாக அளக்கும். கடிகாரமோ மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஓடையின் தூரத்தையும் சொல்லிவிடும். முன்பின் பார்த்திராத மைதானத்தில் அதன் பயன் இதில்தான் இருக்கிறது. வரைபடம் எவ்வளவு சரியோ, அவ்வளவுதான் கடிகாரமும் சரி.

ஆகவே வேலை முதல் நாள் இரவே தொடங்குகிறது. கைப்பேசிச் செயலியோடு கடிகாரத்தை இணைத்து, மைதான வரைபடங்களைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஒரே வளாகத்தில் பல மைதானங்கள் இருந்தால், தேர்ந்தெடுக்கும் பெயரில் கவனம் தேவை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்டு கோர்ஸ், நியூ கோர்ஸ், ஜூபிலி, ஈடன் ஆகியவை அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கடிகாரத்தின் பட்டியலில் முதலில் வரும் பெயர் ஆடப்போகும் மைதானத்துடையதாக இல்லாமலும் போகலாம். முதல் டீயில் நின்றதும் ஸ்கோர்கார்டில் உள்ள தூரத்தையும் திரையில் உள்ள தூரத்தையும் ஒப்பிட்டால், தவறான மைதானம் உடனே தெரிந்துவிடும். அலகுக் குழப்பமும் அங்கேயே பிடிபடும்: 150 யார்டு என்பது 137 மீட்டர்தான். கார்டில் உள்ளதைவிடத் திரையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகத் தெரிந்தால், அமைப்பு மீட்டரில் இருக்கிறது என்று பொருள். டீயை எப்போதும் ஒரே புள்ளியில் வைப்பதில்லை என்பதால், சில யார்டு வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கிரீனுக்குத் திரையில் மூன்று எண்கள் வரும்: முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு. பலரும் நடு எண்ணைப் பார்த்துவிட்டு கிளப்பை உருவிவிடுகிறார்கள். கொடி நடுவில் இருக்கும் நாளில் அது சரிதான். ஆனால் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 30 யார்டு இடைவெளி இருக்கும் கிரீனில், கொடி முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் இரண்டு மூன்று கிளப் வித்தியாசம் வந்துவிடும். கடிகாரத்துக்கு அன்றைய கொடியின் இடம் தானாகத் தெரியாது. சில மாதிரிகளில் கிரீனின் படத்தைத் திரையில் திறந்து, கொடியைக் கையால் நகர்த்தி வைக்கலாம். அந்த வசதி இல்லாதபோது, கொடி முன் பாதியிலா பின் பாதியிலா என்று கேடியிடம் கேட்டு, மூன்று எண்களுக்கு இடையில் மனக்கணக்குப் போட வேண்டியதுதான்.

தடைகளுக்கு எண்கள் இரண்டு. ஒன்று தடையின் அருகு விளிம்பு, மற்றொன்று அப்பால் விளிம்பு. தடைக்கு முன்னால் பந்தை நிறுத்த நினைப்பவருக்கு முதல் எண் வேண்டும். அதிலிருந்து பந்து உருளும் தூரத்தையும் கழிக்க வேண்டும். தாண்டி அடிப்பவருக்கு இரண்டாவது எண் வேண்டும், அங்கே உருளலுக்குக் கணக்கில் இடமே இல்லை. பந்து காற்றில் பறக்கும் தூரம் மட்டுமே எண்ணப்படும். தன் 8-அயர்ன் 145 யார்டு போகும் என்று சொல்பவர், அதில் கடைசிப் பத்து யார்டு தரையில் உருண்டதாக இருக்கலாம் என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. தண்ணீர் அந்தப் பத்து யார்டைத் தராது.

ஓல்டு கோர்ஸின் முதல் குழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போட்டி டீயிலிருந்து 376 யார்டு. ஃபேர்வே மிக அகலம், பங்கர் ஒன்றுகூட இல்லை. ஆனால் கிரீனின் முன்விளிம்பை ஒட்டியே ஸ்வில்கன் ஓடை ஓடுகிறது. தரை சமமாக இருப்பதால், இரண்டாவது அடிக்கு நிற்கும் புதியவருக்கு ஓடை கண்ணில் சரியாகப் படாது, கொடி மட்டும்தான் தெரியும். அவருடைய கடிகாரம் முன்விளிம்பு 128, நடு 142, பின்விளிம்பு 156 என்றும், ஓடையின் அப்பால் விளிம்பு 121 என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். கொடி முன்பகுதியில், சுமார் 133-இல் இருக்கிறது. அவருடைய 8-அயர்ன் காற்றில் 135 யார்டு போகும், 7-அயர்ன் 145 போகும். கொடியைப் பார்த்தால் 8-அயர்ன் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் எதிர்காற்று பத்து யார்டைத் தின்னும் நாளில், நன்றாகப் பட்ட அடியே 125-இல்தான் விழும். கொஞ்சம் சரியாகப் படாமல் இன்னொரு பத்து யார்டு குறைந்தால் 115, அதாவது ஓடைக்குள். 7-அயர்னில் அதே சறுக்கல் நேர்ந்தாலும் பந்து 125-இல் விழுந்து ஓடையைத் தாண்டிவிடும். நடுவில் காற்று ஓய்ந்து முழுத்தூரமும் போனாலும் 145-தான், பின்விளிம்புக்கு இன்னும் 11 யார்டு இருக்கிறது. இங்கே கிளப்பைத் தீர்மானித்தவை 121-உம் 156-உம்தான், கொடியின் 133 அல்ல. கடிகாரம் உண்மையிலேயே கைகொடுக்கும் கணக்கு இது.

கடிகாரம் ஏமாற்றும் இடங்களும் உண்டு. திறந்த வானத்தின் கீழ்க்கூட மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிழை வரலாம். அடர்ந்த மரங்களுக்கு அடியில் இன்னும் கூடும். ஓடையைத் தாண்ட இரண்டே யார்டு மிச்சம் என்று திரை சொன்னால், மிச்சம் எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கடிகாரத்தை டீயில் நின்று இயக்காமல், சில நிமிடங்கள் முன்னதாகவே வெட்டவெளியில் இயக்கிச் செயற்கைக்கோள்களைப் பிடிக்கவிடுவது நல்லது.

அடுத்த சிக்கல் குழி மாறிப்போவது. ஆட்டக்காரர் நகர நகர, கடிகாரம் தானாகவே அடுத்த குழிக்குத் தாவும். ஃபேர்வேக்கள் ஒட்டிக் கிடக்கும் மைதானத்தில், பக்கத்துக் குழிப் பக்கம் பந்தைத் தேடிப் போனால் அது தவறாகத் தாவிவிடக்கூடும். ஓல்டு கோர்ஸில் பதினான்கு குழிகள் ஏழு கிரீன்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எனவே ஒவ்வொரு அடிக்கும் முன்னால் திரையில் உள்ள குழி எண்ணை ஒருமுறை பார்ப்பது அங்கே கட்டாயம் என்றே சொல்லலாம். எதிர்பார்த்ததற்கு முற்றிலும் பொருந்தாத தூரம் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது குழி எண்ணைத்தான்.

எளிய மாதிரிகளில் இன்னொரு குறை உண்டு. முன், பின் விளிம்புகள் ஃபேர்வேயின் நடுவிலிருந்து பார்த்தபடி நிலையாகக் குறிக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் வெகுதூரம் விலகி நிற்பவர், அகன்று ஆழம் குறைந்த கிரீனைக் கோணலாகப் பார்க்கும்போது அந்த எண்கள் அவருடைய கோட்டுக்குப் பொருந்தா. விலை கூடிய மாதிரிகள் ஆட்டக்காரர் நிற்கும் திசைக்கேற்ப விளிம்புகளைக் கணக்கிடுகின்றன. எது தன் கையில் இருக்கிறது என்பதைக் கிரீனுக்கு அருகில் சற்றுப் பக்கவாட்டில் நடந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கிரீனின் எதிர்ப்பக்க விளிம்பு பின்விளிம்பாக மாறாமல், பழைய இடமே பின்விளிம்பாகத் தொடர்ந்தால், எண்கள் நிலையானவை.

ஏற்ற இறக்கம் நேர்கோட்டுத் தூரத்தில் வராது. மேட்டில் இருக்கும் கிரீனுக்கு எண்ணைவிட நீளமான அடி தேவை, பள்ளத்தில் இருந்தால் குறைவாக. சில கடிகாரங்கள் இதையும் சேர்த்து ‘ஆடும் தூரம்’ என்று தனி எண் தருகின்றன. பயிற்சி ஆட்டத்தில் அது உதவும். போட்டியில் அதை அணைத்துவிட வேண்டும். 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கோல்ஃப் விதிகள், உள்ளூர் விதி தடுக்காதவரை, தூரத்தை அளக்க அனுமதிக்கின்றன. உயர வேறுபாட்டை அளக்க அனுமதிப்பதில்லை. ஸ்ட்ரோக் ஆட்டத்தில் முதல் மீறலுக்கு இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, இரண்டாவது மீறலுக்குத் தகுதிநீக்கம்.