மறுவேலைப் பிடித்தம்: கடிதத்தில் இருக்க வேண்டிய கணக்கு

துணை ஒப்பந்தக்காரர் செய்த வேலையில் ஒரு பகுதி பழுதாகி, அதை வேறு ஆட்களை வைத்துத் திருத்த நேர்ந்தால், அந்தச் செலவை முதன்மை ஒப்பந்தக்காரர் அவருடைய அடுத்த ரன்னிங் பில்லில் பிடித்துக்கொள்வது கட்டடத் துறையின் வழக்கம். எந்த இடத்தில், எவ்வளவு வேலைக்கு, எந்தக் கணக்கில் பிடிக்கப்படுகிறது என்பதை விளக்குவதே பிடித்தக் கடிதம். ‘தரக்குறைவுக்காக இவ்வளவு தொகை பிடிக்கப்படுகிறது’ என்று ஒரே வரியில் அதை முடித்துவிட்டால், பெறுபவர் சரிபார்க்க வழியே இராது. அந்தத் தொகை பெரும்பாலும் அவருடைய ஆட்களின் கூலியிலிருந்து போகிறது என்பதால் இது சிறிய குறை அல்ல.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் உட்சுவர்ப் பூச்சை எடுத்துக்கொள்ளலாம். சிமென்டும் எம்-சாண்டும் முதன்மை ஒப்பந்தக்காரருடையவை. துணை ஒப்பந்தக்காரருக்குச் சதுர மீட்டருக்கு 180 ரூபாய் கூலி. பூச்சு காய்ந்த பிறகு சுவரைத் தட்டிப் பார்க்கையில் சில இடங்களில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலி வருகிறது. பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். பூசும்முன் சுவரை நனைக்காததும், கான்கிரீட் பரப்பைக் கொத்திவிடாததும் இதற்கு வழக்கமான காரணங்கள்.

கொத்தி எடுத்துவிட்டால் சான்றும் அதோடு போய்விடும். ஆகவே அதற்கு முன்பே இரு தரப்பும் சேர்ந்து அளக்க வேண்டும். பழுதான இடத்தைச் சாக்பீஸால் கட்டம்போட்டு, அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து, எம்-புக்கில் பதிகிறார்கள். ‘மூன்றாம் தளம், பி பிரிவு, படுக்கையறை, கிழக்குச் சுவர்: 2.40 × 1.50 = 3.60 ச.மீ.’ என்பதுபோல் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வரி, தேதி, இருவர் கையொப்பம். தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும். அளக்க அழைத்தும் துணை ஒப்பந்தக்காரர் வரவில்லையென்றால், அழைத்த கடிதத்தின் தேதியும் பதிவில் இடம்பெற வேண்டும்.

அளந்த பரப்பு முழுவதும் பூச்சுக்காரரின் பொறுப்பாகிவிடாது. இந்த எடுத்துக்காட்டில் மொத்தம் 27.50 ச.மீ. பழுது என்று வைத்துக்கொண்டால், அதில் 3.50 ச.மீ. மின்பணிக்காரர் பிறகு குழாய்க்காகச் சுவரை வெட்டிய வரியை ஒட்டியே இருக்கிறது. அது வேறொருவர் கணக்கு. மீதி 24 ச.மீ. மட்டுமே கடிதத்துக்கு வரும். தளத்துக்குத் தண்ணீர் தருவது முதன்மை ஒப்பந்தக்காரரின் கடமையாக இருந்து, அது வராத நாள்களில் பூசிய சுவர் என்றால், அந்தப் பகுதியையும் விவாதிக்காமல் பிடிக்க முடியாது.

அடுத்தது, திருத்த வாய்ப்பு. ‘ஏழு நாள்களுக்குள் சரிசெய்யவும்; தவறினால் வேறு ஆட்களைக் கொண்டு செய்து செலவைப் பிடிப்போம்’ என்ற முன்னறிவிப்பு போயிருக்க வேண்டும். நாள் கணக்கு ஒப்பந்தத்தில் உள்ளபடி அமையும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, மீறலால் இயல்பாக விளைந்த இழப்புக்கு ஈடு தருகிறது. இழப்பைக் குறைக்க இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. துணை ஒப்பந்தக்காரர் தன் ஆட்களைக் கொண்டே மலிவாக முடித்திருப்பார் என்றால், கேட்காமலே செய்த அதிகச் செலவு தகராறுக்கு உள்ளாகும்.

இனி தொகை. வேறு குழுவைக் கொண்டு திருத்த, சதுர மீட்டருக்குக் கொத்துக்கூலி 60, இடிபாடு அகற்ற 20, புதிய பொருள் 130, பூச்சுக்கூலி 220, ஆக 430 ரூபாய் என்று கொள்வோம். 24 ச.மீ.க்கு 10,320 ரூபாய். ஆனால் இந்தத் தொகை சரியாவது, பழைய பூச்சின் 24 ச.மீ.க்கும் பில்லில் 180 ரூபாய் வீதம் கொடுத்திருந்தால்தான். அந்தப் பரப்பைப் பில்லிலிருந்து ஏற்கெனவே நீக்கியிருந்தால், பிடிக்க வேண்டியது 430இலிருந்து 180 கழித்த 250 ரூபாய், அதாவது 6,000 ரூபாய் மட்டுமே. ஒழுங்காக நடந்திருந்தாலும் ஒருமுறை கூலி கொடுத்துத்தான் ஆகவேண்டும். பரப்பையும் நீக்கி, 430 ரூபாயையும் முழுமையாகப் பிடித்தால், துணை ஒப்பந்தக்காரர் 4,320 ரூபாயை இருமுறை இழக்கிறார். தளங்களில் நடக்கக்கூடிய பிழை இது. எம்-புக்கை ஒருவரும் பில்லை இன்னொருவரும் பார்ப்பதால் அது கண்ணில் படாமல் போகிறது.

ஆகவே கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்: ‘மூன்றாம் தளத்தில் இரு தரப்பும் கூட்டாக அளந்த 27.50 ச.மீ. பழுதில், மின்பணியால் ஏற்பட்ட 3.50 ச.மீ. நீக்கப்பட்டுள்ளது. மீதி 24 ச.மீ. நான்காம் பில்லில் முழுக் கூலியுடன் சேர்க்கப்பட்டுள்ளதால், மறுவேலைச் செலவு ச.மீ. 430 ரூபாய் வீதம் 10,320 ரூபாய் பிடிக்கப்படுகிறது. அளவுப் பக்கங்களின் நகல், படங்கள், மறுவேலைக் குழுவின் கூலிச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளன.’ அதோடு, மறுப்பு இருந்தால் எந்த வரிக்கு, எத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் வேண்டும். மறுப்பு வந்த வரியின் தொகை தீர்வு வரும்வரை நிற்கலாம். பில்லின் மற்ற தொகை உரிய தேதியில் போய்ச்சேர வேண்டும்.