கடன் முடிந்தது என்று வங்கி தரும் தாளில் என்னென்ன இருக்க வேண்டும்?

பலமனேரில் வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டியவர் வங்கியில் கேட்கும் முதல் கேள்வி, "பத்திரம் எப்ப சார் கைக்கு வரும்?" என்பதுதான். மேனேஜர் ஒரு தாளை நீட்டுவார். 'நோ டியூ' என்றோ 'க்ளோஷர் லெட்டர்' என்றோ அதற்குப் பெயர். ஆங்கிலத்தில் மூன்று வரி, கீழே ஒரு முத்திரை. பெரும்பாலோர் அதைப் படிக்காமலே மடித்துப் பையில் வைக்கிறார்கள். பத்திரம் வருவதில் தகராறு கிளம்பினால், வங்கியோடு வாதாட அவர்களிடம் இருக்கப்போவது அந்த மூன்று வரிதான்.

முதலில் பார்க்க வேண்டியது தேதி. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் அதன் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. கடன் முழுவதும் கட்டி முடிந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும். சொத்தின்மேல் எந்தப் பதிவேட்டில் வங்கியின் உரிமை ஏற்றப்பட்டிருந்தாலும் அதையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் கடன்தாரருக்குச் சேர வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 10 அன்று ஒருவர் பாக்கி முழுவதையும் கட்டிவிடுகிறார். ஜூலை 10-உடன் கெடு முடிகிறது. பத்திரம் கைக்கு வருவதோ ஜூலை 28. பதினெட்டு நாள் தாமதம், 90,000 ரூபாய் இழப்பீடு. ஆனால் அவர் கையிலிருக்கும் சான்றில் பணம் கட்டி முடித்த தேதி இல்லை. கடிதம் அச்சான ஜூன் 27 மட்டும் இருக்கிறது. அன்றிலிருந்து 30 நாள் எண்ணினால் கெடு ஜூலை 27-க்குத் தள்ளிப்போகிறது. தாமதம் ஒரே நாள் என்றாகி 90,000 ரூபாய் 5,000 ஆகிவிடும். அதனால் 'கணக்கு முடிந்த தேதி' என்ற வரி சான்றில் தனியாக இருக்க வேண்டும். கடைசிப் பணம் கட்டிய ரசீதையும் கணக்கு அறிக்கையையும் அதோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினால் தேதியில் வழக்காட இடமிருக்காது.

அடுத்தது கணக்கு எண். ஒரே வீட்டின் பேரில் இரண்டு மூன்று கணக்குகள் ஓடுவது சகஜம். வீட்டுக் கடன் ஒன்று, நடுவில் வாங்கிய டாப்-அப் ஒன்று, காப்பீட்டு பிரீமியத்துக்காகக் கடன் கொடுக்கும்போதே திறந்துவிட்ட சின்னக் கணக்கு ஒன்று. அந்தச் சின்னக் கணக்கு பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. பெரிய கணக்கு முடிந்ததாகச் சான்று வரும்; பத்திரம் கேட்கப் போனால், இன்னும் சில ஆயிரம் நிற்கிறதே என்பார்கள். சான்றில் எல்லாக் கணக்கு எண்களும் வரிசையாக இருந்து, ஒவ்வொன்றிலும் அசல், வட்டி, இதர கட்டணம் என எதுவும் பாக்கியில்லை என்று எழுதியிருந்தால்தான் விவகாரம் தீர்ந்தது. 'ஒன் டைம் செட்டில்மெண்ட்' முறையில் குறைத்துக் கட்டியவருக்குச் சான்றில் 'செட்டில்டு' என்று வரும். பத்திரம் கிடைப்பதற்கு அது தடையில்லை. சிபில் பதிவில் மட்டும் 'க்ளோஸ்டு' என்பதற்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பலமனேர்ப் பக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் பெயரில் வரும். ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து, தெலுங்குப் பத்திரத்தில் வீட்டுப் பெயரோடு முழுப்பெயர், வங்கிக் கணினியில் மூன்றாவதாக ஒன்று. சான்றில் பெயர் கடன் ஒப்பந்தத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். கூட்டாகக் கடன் வாங்கியிருந்தால் இருவர் பெயரும் வேண்டும். சொத்தின் விவரத்தில் சர்வே எண், பத்திர எண், பதிவான ஆண்டு, எந்த சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் என்பதெல்லாம் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்ப்பது நல்லது. வங்கி மேனேஜர் மாறிய பிறகு ஓர் இலக்கத்தைத் திருத்த அலைவதைவிட, அங்கேயே அரைமணி நேரம் உட்காருவது மேல்.

சான்றோடு ஆவணப் பட்டியலும் கேட்க வேண்டும். பத்திரங்கள் உள்ளூர்க் கிளையில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் 2016-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் வீட்டுக் கடன் வாங்கிய ஒருவரின் அசல் ஆவணங்கள், ஹைதராபாத்தில் உள்ள வங்கியின் சேமிப்பு மையத்துக்கு கூரியரில் போகும் வழியில் தொலைந்தன. வங்கிக் குறைதீர்ப்பாளர் 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார். கடன் வாங்கியவர் விடாமல் தேசிய நுகர்வோர் ஆணையம் வரை போனார். ஆணையம் 2023-இல் 25 லட்சம் ரூபாய் இழப்பீடும், வழக்குச் செலவுக்கு 50,000 ரூபாயும் கொடுக்க உத்தரவிட்டது. சான்றிட்ட நகல்களை வங்கியே தன் செலவில் வாங்கித் தரவும் சொன்னது.

ஆகவே கடன் வாங்கியபோது வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலைத் தேடி எடுத்துப் போக வேண்டும். கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய லிங்க் டாக்குமெண்டுகள், மனைப் பிளான் என்று ஒவ்வொன்றையும் பக்கம் புரட்டி எண்ணி, அசலா நகலா என்று பார்த்த பிறகே, வங்கிப் பதிவேட்டில் "அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தால் அந்தப் பதிவேட்டிலேயே, இன்ன ஆவணம் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்திடலாம். எழுதக்கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆவணம் தொலைந்துவிட்டால், நகல் வாங்கும் செலவு வங்கியுடையது. அதற்காக வங்கிக்கு இன்னும் 30 நாள் கிடைக்கும், அதன் பிறகுதான் தாமதக் கணக்கு ஓடும்.

காகிதம் வந்துவிட்டதாலேயே சொத்து விடுபட்டுவிடாது. அடமானம் பலமனேர் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பதிவாகியிருந்தால், அதை ரத்து செய்யும் ரசீதும் பதிவாக வேண்டும். பிறகு புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, வங்கியின் பெயருக்கு எதிரே ரத்து ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் வங்கி தன் உரிமையை நீக்க வேண்டும். விவசாய நிலமாக இருந்தால் மீபூமியில் 1-பி-யையும் அடங்கலையும் எடுத்துப் பார்க்கலாம். "மேற்படி சொத்தின்மேல் வங்கிக்கு எந்த உரிமையும் இல்லை" என்ற வாசகம் சான்றில் இருந்தால் இந்த வேலைகள் எளிதாக நடக்கும்.

ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் அந்தச் சுற்றறிக்கை தனிநபர் கடன்களுக்கானது. வீட்டுக் கடன், கல்விக் கடன் எல்லாம் அதில் அடங்கும். பயிர்க் கடனுக்கும் வியாபாரக் கடனுக்கும் நாளுக்கு 5,000 ரூபாய் என்று கேட்க முடியாது. ஆனாலும் அந்தக் கடன்களை வாங்கியவர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், பிரிவு 60, கடனைத் தீர்த்தவர் ஆவணங்களைத் திரும்பக் கேட்கும் உரிமையை அடமானம் வைத்த எல்லாருக்கும் கொடுக்கிறது.

சான்றில் குறையிருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராமல், எழுதிக் கொடுத்து நகலில் வங்கி முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.