புல் தாள், பிஸ்கட் உறை, சென்சார் தூசி

2012-ல் நேஷனல் ஜியோகிராபிக் நடத்திய புகைப்படப் போட்டியில், ஹாரி ஃபிஷ் என்ற ஸ்பெயின் நாட்டுப் புகைப்படக்காரர் காசியில் கங்கைக் கரையில் எடுத்த படம் வென்றது. சில நாட்களிலேயே விருது கைநழுவிப் போனது. படத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை அவர் அழித்திருந்ததுதான் காரணம். பை அப்படியே இருந்திருந்தாலும் சரி, அந்த ஓரத்தை வெட்டியிருந்தாலும் சரி, பரிசுக்குப் பாதகம் வந்திருக்காது என்று போட்டி நடத்தியவர்களே அவரிடம் சொன்னார்கள்.

காட்டுயிர்ப் போட்டிகளிலும் இதே கறார்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற போட்டியில் வெளிச்சத்தையும் நிறத்தையும் மிதமாகச் சரிசெய்யலாம், ஓரத்தை வெட்டலாம், தூசிப் புள்ளியை நீக்கலாம். காட்சியில் இருந்த பொருளை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு, கேமரா பதிவுசெய்த ரா கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிடுகிறார்கள்.

படத்தை அனுப்பிய பிறகு, 'எதையோ அழித்தோமே' என்று உறுத்தினால் அமைப்பாளருக்கு என்ன எழுதுவது? 'சிறு திருத்தங்கள் செய்துள்ளேன்' என்ற ஒற்றை வரி எதையும் சொல்வதில்லை. வால்பாறை மலைப்பாதையோரம் எடுத்த வரையாட்டுப் படம் என்று வைத்துக்கொண்டால், மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

> வணக்கம். பாலூட்டிகள் பிரிவுக்கு நான் அனுப்பிய DSC_4817.jpg படத்தில் சில நீக்கங்கள் செய்திருக்கிறேன். இடது மேல்மூலையில் வானத்தில் இருந்த மூன்று கரும்புள்ளிகள் சென்சார் தூசி. ஆட்டின் மார்புக்குக் குறுக்கே, ஃபோகஸ் இல்லாமல் நின்ற ஒரு புல் தாளை அழித்தேன். வலது முன்காலுக்கு அருகே பாறையில் கிடந்த பிஸ்கட் உறையையும் அழித்தேன். கீழ்ப்பக்கம் சாலைத் தடுப்புச் சுவர் தெரிந்த பகுதியை வெட்டிவிட்டேன். வேறு எதையும் நீக்கவில்லை, சேர்க்கவில்லை. ரா கோப்பும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும், நீக்கிய இடங்களைச் சிவப்பு வட்டமிட்ட பிரதியும் இணைப்பில் உள்ளன. புல்லும் உறையும் விதிக்குப் புறம்பானால் படத்தைத் திரும்பப் பெறுகிறேன். நீக்கம் இல்லாத பிரதியை மாற்றாக ஏற்பீர்களா என்று தெரிவியுங்கள்.

என்ன பொருள், எந்த இடம், அழித்ததா வெட்டியதா என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருப்பதால் அமைப்பாளர் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம்.

முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எதற்கு? தூசி ஒட்டியிருப்பது கேமராவுக்குள், சென்சாரின் மேல். அதனால் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளி ஃபிரேமின் அதே இடத்தில்தான் விழும்; லென்ஸ் துவாரத்தைச் சுருக்கச் சுருக்க இன்னும் அழுத்தமாகத் தெரியும். தொலைவில் பறந்த கழுகாக இருந்தால் அடுத்தடுத்த படங்களில் இடம் மாறியிருக்கும். அது தூசியா பறவையா என்ற சந்தேகத்தை இந்தப் படங்கள் தீர்த்துவிடும்.

வெட்டுவதற்கு அனுமதி, அழிப்பதற்குத் தடை என்பது சிலருக்கு முரணாகப் படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓரத்தை வெட்டினால் மீதியுள்ள ஒவ்வொரு புள்ளியும் அந்த நொடியில் அங்கே இருந்தது. உறையை அழித்தாலோ, அதன் இடத்தில் பக்கத்துப் பாறையிலிருந்து நகலெடுத்த ஒரு துண்டு வந்து உட்காருகிறது. அங்கே அப்படி ஒரு பாறைப்பரப்பை யாரும் பார்த்ததில்லை. நடுவர் உற்றுப் பார்த்தால் ஒரே பாசித்திட்டு இரண்டு இடத்தில் தெரியும். அதைவிட, அந்த உறை ஒரு தகவல். வரையாட்டின் காலடி வரை நம் குப்பை வந்துவிட்டதை அதுதான் காட்டுகிறது. விலங்கின் கழுத்தில் இருக்கும் ரேடியோ காலரை அழிப்பதும் இதே தவறு. இயற்கையைப் பற்றிய சாட்சியத்தைத் திருத்தும் வேலை அது.

இப்படி எழுதிவிட்டால் விதிமீறல் மன்னிக்கப்படும் என்று எண்ண வேண்டாம். தூசியும் வெட்டும் நிற்கும். புல்லும் உறையும் படத்தைப் போட்டியிலிருந்து வெளியேற்றலாம். மாற்றுப் பிரதியை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தப் போட்டியின் முடிவு. அதனால் நடுவர்கள் பார்ப்பதற்கு முன்பே மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டும். ரா கோப்பைக் கேட்ட பிறகு அனுப்பினால், பிடிபட்டபின் சொன்னதாகத்தான் பார்ப்பார்கள்.

பட்டியலை நினைவிலிருந்து எழுதாதீர்கள். லைட்ரூமில் திருத்தியிருந்தால் நீக்கல் கருவியைத் திறங்கள். கைவைத்த இடமெல்லாம் குறியோடு தெரியும். போட்டோஷாப்பில் நேரடியாக அழித்திருந்தால் அந்தத் தடம் இருக்காது. அப்போது ரா கோப்பையும் அனுப்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, மூலைக்கு மூலை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.