வினா எண் 28 கட்டாயம்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு அன்று காலை 10 மணிக்கு மாணவர் கையில் வினாத்தாள் வந்துவிடும். எழுதத் தொடங்குவது 10.15-க்குத்தான். முதல் 10 நிமிடம் வினாத்தாளைப் படிக்க, அடுத்த 5 நிமிடம் முகப்புத்தாளில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க. அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? தெரிந்த கணக்கு வந்திருக்கிறதா என்று பக்கங்களைப் புரட்டுகிறார்கள். முதல் பக்கத்தின் உச்சியிலும் ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் இருக்கும் நாலைந்து வரிகளில் கண் நிற்பதே இல்லை.

கணிதத் தாளில் அந்த வரிகளுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று கணக்குப் போட்டே காட்டலாம். தாளில் நான்கு பகுதிகள், மொத்தம் 44 வினாக்கள். பகுதி ஒன்றில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள், எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும். பகுதி இரண்டில் 15 முதல் 28 வரை 14 வினாக்கள், தலா 2 மதிப்பெண். பத்துக்கு எழுதினால் போதும். பகுதி மூன்றில் 29 முதல் 42 வரை இன்னொரு 14, தலா 5 மதிப்பெண், அங்கேயும் பத்துதான். பகுதி நான்கில் 43, 44 என்று இரண்டு, தலா 8 மதிப்பெண். ஒவ்வொன்றுக்குள்ளும் 'அல்லது' போட்டு இரண்டு கணக்குகள்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நன்றாகப் படித்தவள், கணக்கில் ஒரு தவறும் செய்யாதவள். ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கும் சரி. பகுதி இரண்டில் 15-லிருந்து வரிசையாகப் போட்டு 24-ல் நிறுத்துகிறாள், பத்து முடிந்துவிட்டது. பகுதி மூன்றிலும் அப்படியே 29 முதல் 38 வரை. பகுதி நான்கில் இரண்டு கணக்கு கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வடிவியல் அவளுக்குப் பிடித்த பாடம். 43-ல் இருக்கும் இரண்டு வரைதல் கணக்குகளையும் அழகாக வரைந்து முடித்துவிட்டு எழுகிறாள்.

அவளுக்குக் கிடைப்பது 100 இல்லை, 85.

பகுதி இரண்டின் தலைப்பில், 'எவையேனும் 10 வினாக்களுக்கு விடையளிக்கவும்' என்பதையடுத்து, வினா எண் 28-க்குக் கட்டாயமாக விடையளிக்க வேண்டும் என்று இன்னொரு வாக்கியம் இருக்கிறது. அதாவது மாணவர் தேர்ந்தெடுப்பது 13 வினாக்களில் ஒன்பதைத்தான். பத்தாவதை வினாத்தாளே முடிவு செய்துவிட்டது. அவள் எழுதிய பத்தில் ஒன்பதுதான் கணக்கில் சேரும், 2 மதிப்பெண் போனது. பகுதி மூன்றில் வினா எண் 42-க்கும் அதே விதி, அங்கே 5 போனது. 43-ல் இருந்தது 'அல்லது'. இரண்டு வரைதலில் ஒன்றுக்கு மட்டுமே மதிப்பெண் உண்டு; தொடாமல் விட்ட 44-ஆம் வினாவின் வரைபடத்துக்கு உரிய 8 போனது. 2, 5, 8: ஒரு பிழைகூட இல்லாமல் பதினைந்து மதிப்பெண் போய்விட்டது.

கட்டாய வினா கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் தாளின் அமைப்பிலேயே இருக்கிறது. அறிவிப்பு பகுதியின் தலைப்பில், வினாவோ அதே பகுதியின் கடைசியில். வரிசையாகப் போட்டுக்கொண்டு வருபவர் பத்தை எட்டியதும் அடுத்த பகுதிக்குத் தாவிவிடுகிறார். இந்த இரண்டு வினாக்களும் பெரும்பாலும் பாடநூல் பயிற்சியில் அப்படியே வராத கணக்குகளாக இருப்பதால், பார்த்தவர்களும் "தெரியாதது, விட்டுவிடலாம்" என்று கடந்துபோகிறார்கள். முழுமையாகத் தெரியாவிட்டாலும் சூத்திரத்தை எழுதி, தெரிந்த படிகள் வரை போட்டு வைப்பதுதான் சரி. அந்த இடத்தை வேறு வினாவால் நிரப்ப முடியாது.

தலைப்பின் வலப்பக்க ஓரத்தில் 10 × 2 = 20, 10 × 5 = 50 என்று சிறிதாக அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் எத்தனை எழுத வேண்டும், இரண்டாவது ஒன்றுக்கு எவ்வளவு. தாளில் இருக்கும் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்: 14, 28, 70, 32, ஆக 144 மதிப்பெண்ணுக்கு வினா இருக்கிறது, கேட்பது 100-க்கு. மூன்று மணி நேரத்தில் கடைசிக் கால் மணியைச் சரிபார்க்க ஒதுக்கினால் மிச்சம் 165 நிமிடம். அப்படியானால் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றுக்குச் சுமார் எட்டு நிமிடம், எட்டு மதிப்பெண்ணுக்குச் சுமார் பதின்மூன்று. பகுதி நான்கில் 'அனைத்து வினாக்களுக்கும்' என்ற சொல்லை மட்டும் பார்த்து நான்கு கணக்குகளையும் போடும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் தொலைப்பது இருபத்தைந்து நிமிடத்துக்கும் மேல், அதாவது மூன்று ஐந்து மதிப்பெண் கணக்குகளின் நேரம்.

பகுதி ஒன்றின் அறிவுரையையும் நின்று படிக்க வேண்டும். ஏற்புடைய விடையைத் தேர்ந்தெடுத்து, குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதச் சொல்கிறது அது. வெறும் (ஆ) என்று எழுதினால் கேட்டதில் பாதிதான் எழுதியிருக்கிறோம். அவசரத்தில் (ஆ) என்று போட்டு, பக்கத்தில் (இ)-யின் விடையை எழுதிவிட்டால் எது மாணவரின் விடை என்று திருத்துபவரால் சொல்ல முடியாது. எழுதியதும் இரண்டையும் ஒருமுறை ஒத்துப் பார்ப்பது நல்லது.

இனி முதல் பக்க உச்சியில் இருக்கும் பொது அறிவுரைகள். எல்லா வினாக்களும் சரியாக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது முதலாவது. 1 முதல் 44 வரை எண்களை மட்டும் விரலால் ஓட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. ஒரு பக்கம் மங்கியிருந்தாலோ விட்டுப்போயிருந்தாலோ அறைக் கண்காணிப்பாளரிடம் அப்போதே சொல்லி வேறு தாள் வாங்கிவிடலாம். பன்னிரண்டரை மணிக்குச் சொன்னால் இழந்த நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. இரண்டாவது அறிவுரை எழுதுபொருள் பற்றியது: எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மை மட்டும், படங்களுக்குப் பென்சில். பள்ளித் தேர்வில் தலைப்புக்குப் பச்சை, அடிக்கோட்டுக்கு ஸ்கெட்ச் என்று பழகிய பிள்ளைகளுக்கு இது இடிக்கும், முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். 43-ஆம் வினாவுக்குக் கவராயமும் பாகைமானியும் கூர்மையான பென்சிலும் தேவை. 44-க்கு வரைபடத்தாள் வேண்டும். இவை கையில் இருக்கின்றனவா என்று அந்தப் பத்து நிமிடத்திலேயே பார்த்துக்கொண்டால், கடைசி அரை மணியில் பரபரப்பு இருக்காது.

"இந்த அமைப்பைத்தான் வருஷம் முழுக்க மனப்பாடமாக வைத்திருக்கிறோமே, அன்றைக்கும் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அமைப்பு மாறும். 2019 வரை நடந்த பழைய கணிதத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, ஐந்து மதிப்பெண்ணில் ஒன்பதுக்கு எழுத வேண்டும், கடைசி இரண்டும் தலா 10 மதிப்பெண், நேரம் இரண்டரை மணி. அப்போது கட்டாய வினாக்களின் எண் 30, 45. அக்காவின் பழைய வினாத்தாள் கட்டை வைத்துப் பயிற்சி செய்பவர் மனத்தில் அந்த எண்கள்தான் பதியும்.

வீட்டில் பயிற்சிக்கு வினாத்தாள் நகல் எடுக்கும்போது காகிதம் மிச்சம் என்று அறிவுரை வரிகளை வெட்டிவிட்டு வினாக்களை மட்டும் எடுத்துத் தருகிறார்கள். முழுத்தாளையும் எடுங்கள். பிள்ளை பேனாவைத் தொடுவதற்கு முன் வாயால் சொல்லட்டும்: இரண்டாம் பகுதியில் எத்தனை, எது கட்டாயம்; மூன்றாம் பகுதியில் எத்தனை, எது கட்டாயம்; 43-லும் 44-லும் எந்தக் கணக்கு.