அதே மாடு, வேறு ஃபேட்

சொசைட்டி அட்டையில் ஒரு நாள் ஃபேட் 4.2 என்று எழுதியிருக்கும், மறுநாள் 3.8. மாடும் தீவனமும் மாறவில்லை என்றால் பால் ஊற்றுகிறவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். பியூட்டிரோமீட்டரில் டெஸ்ட் செய்தால் அந்தக் கொழுப்பை அவரே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். மின்னணுக் கருவி வந்துவிட்ட இடங்களிலும், அது காட்டும் எண்ணைச் சரிபார்க்க இந்தக் கண்ணாடிக் குழாய் உதவும்.

1890களில் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் கொண்டுவந்த முறை இது. முதலில் 10 மில்லி கந்தக ஆசிட். அதன்மேல் 10.75 மில்லி பாலைக் குழாயின் உட்சுவரோடு மெதுவாக வழியவிட வேண்டும். வேகமாகக் கொட்டினால் பால் ஆசிடில் கலந்து கருகிவிடும். பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் கார்க்கை அழுத்தி மூடி, துணியில் சுற்றிக் குலுக்குவார்கள். துணி இல்லாமல் பிடிக்க முடியாத அளவு சூடேறும். ஆசிட் புரதத்தைக் கரைத்துவிடுகிறது, கொழுப்பைத் தொடுவதில்லை. சென்ட்ரிஃபியூஜில் ஐந்து நிமிடம் சுற்றினால், லேசான கொழுப்பு தனியே பிரிந்து மெல்லிய தண்டுக்குள் வந்து சேரும்.

அடுத்து, 65 டிகிரி வெந்நீரில் கார்க் கீழே இருக்கும்படி ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஆறிய கொழுப்பு சுருங்கிவிடும், நஷ்டம் பால்காரருக்கு.

வெந்நீரிலிருந்து எடுத்ததும் தண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பழுப்பு நீரின்மேல் தெளிந்த மஞ்சள் பட்டை நிற்கும். கார்க்கை லேசாக அழுத்தியோ இழுத்தோ, பட்டையின் அடிப்பகுதியை ஒரு முழுக்கோட்டில் நிறுத்த வேண்டும். அடி 1-இல் நிற்கிறது, மேல் விளிம்பின் வளைவில் மிகத் தாழ்ந்த இடம் 5.2-இல் நிற்கிறது என்றால், கழித்தால் வருவது 4.2. அதுதான் ஃபேட். மேல் எண்ணை மட்டும் பார்த்து எழுதினால் கணக்கு தப்பும்.

பட்டைக்கும் பழுப்பு நீருக்கும் நடுவே கருந்துகள் இருந்தால் ஆசிட் வீரியம் கூடுதல், அல்லது பாலைக் கொட்டிய விதம் தவறு. வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் ஆசிட் வலுவிழந்துவிட்டது, அல்லது குலுக்கியது போதவில்லை. எதுவானாலும் அந்த எண்ணை எழுதக் கூடாது. மறுபடி டெஸ்ட் செய்யச் சொல்லலாம், தயங்க வேண்டியதில்லை.

டெஸ்ட் சரியாக இருந்தும் எண் குறைந்தால், சாம்பிள் எடுத்த விதத்தைப் பாருங்கள். பால் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாலே ஆடை மேலே திரளும். கலக்காமல் அடியிலிருந்து எடுத்தால் ஃபேட் குறையும், மேலிருந்து எடுத்தால் கூடும்.

அதுவும் சரி என்றால் கறவையைத்தான் பார்க்க வேண்டும். முதலில் பீய்ச்சும் பாலைவிடக் கடைசிப் பாலில் கொழுப்பு பல மடங்கு. அன்று காலை கறந்து முடியும் முன்பே கன்றை அவிழ்த்துவிட்டிருந்தால், அந்தக் கடைசிப் பால் கன்றின் வயிற்றில் இருக்கும், சொசைட்டி கேனில் இருக்காது.