வைவாவில் ஒரு வரி

கணினி வைவாவில் தேர்வாளர் பெரும்பாலும் முழு நிரலையும் விளக்கச் சொல்வதில்லை; ஒரு வரியில் விரல் வைத்து, “இது ஏன் இப்படி?” என்பார். பைனரி தேடலில் அந்த வரி அநேகமாக இதுதான்:

```
mid = low + (high - low) / 2;
```

`(low + high) / 2` போதாதா என்பது கேள்வி. சி மொழியில் 32 பிட் `int` 2147483647 வரைதான் கொள்ளும். இரண்டு பெரிய எண்களை நேரடியாகக் கூட்டினால் அந்த எல்லை தாண்டிவிடும். கழித்துக் கூட்டினால் தாண்டாது.

அடுத்து, பட்டியல் வரிசையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பார். நிரல் முடங்காது, பிழைச்செய்தியும் வராது, அதுதான் ஆபத்து. 7, 2, 9 என்ற பட்டியலில் 7-ஐத் தேடினால் நடுவில் 2 இருக்கும். 7 அதைவிடப் பெரியது என்று தேடல் வலப்பக்கம் போய், 9-ஐப் பார்த்துவிட்டு, ‘இல்லை’ என்று முடியும். மனப்பாடம் செய்தவர் இதைத் தாளில் போட்டுக் காட்டச் சொன்னால்தான் தடுமாறுவார்.